பெயரில்லாத அந்த ஒரு நாள்

"ஐயா, வருடத்தை 13 மாதமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 28 நாள் வைத்தால் எல்லா மாதமும் ஒரே மாதிரி வரும்தானே? அப்படி ஒரு கலண்டர் நூறு வருடத்துக்கு முன்பே வரப் பார்த்ததாம். நிலா மாதமும் 28 நாள்தான் என்கிறார்கள். பிறகு ஏன் யாரும் அதை எடுக்கவில்லை? நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்ட ஆபீஸில் செக்ரோல் எழுதுகிறேன். மாதாமாதம் இந்த நாள் கணக்கு தலைவலி, அதனால்தான் கேட்கிறேன்."

தம்பி, நானும் முப்பது வருடத்துக்கு மேல் செக்ரோலோடு குடும்பம் நடத்திய கிளாக்கர்தான். அந்தத் தலைவலி எனக்கும் தெரியும். அதனால் அந்தக் கலண்டரைக் கேலி செய்ய மாட்டேன். அதைக் கண்டுபிடித்தவரும் நம்மைப் போல மாதக் கணக்கோடு மல்லுக்கட்டியவர்தான்.

2025 பெப்ரவரியையும் மார்ச்சையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெப்ரவரியில் 28 நாள், நான்கு ஞாயிறு. ஞாயிறு போனால் மீதி 24 நாள். மார்ச்சில் 31 நாள், ஐந்து ஞாயிறு. மீதி 26 நாள். உங்கள் தோட்டத்தில் ஒரு நாளைக்கு ஒரே அளவு கொழுந்து வந்தாலும், மாதக் கணக்கில் மார்ச் எட்டு வீதம் கூடுதலாகத் தெரியும். மழையும் காரணமில்லை, உரமும் காரணமில்லை, கலண்டர் மட்டும்தான் காரணம். மேலே இருப்பவர் "மார்ச்சில் நன்றாகச் செய்திருக்கிறீர்கள், பெப்ரவரியில் ஏன் குறைந்தது?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? நான் மாத மொத்தத்துக்குப் பக்கத்திலேயே வேலை நாளுக்கு எத்தனை கிலோ என்று இன்னொரு வரி எழுதி வைப்பேன். கேள்வி வந்தால் அந்த வரியைத்தான் காட்டுவேன்.

மோசஸ் கொட்ஸ்வர்த் இங்கிலாந்தின் யோர்க் நகரத்தில் ரயில்வேக் கம்பனியில் கணக்குப் பார்த்தவர். அவருக்கும் இதே பிரச்சினைதான்: இந்த மாத வருமானத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடவே முடியவில்லை. 1902இல் அவர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். 13 மாதம், ஒவ்வொன்றும் நான்கு முழு வாரம். ஒவ்வொரு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி சனிக்கிழமை முடியும். ஜூனுக்கும் ஜூலைக்கும் நடுவே சூரியனின் பெயரில் 'சொல்' என்று ஒரு புது மாதம். ஒன்றாம் திகதி எப்போதும் ஞாயிறு, பத்தாம் திகதி எப்போதும் செவ்வாய். ஒரு மாதத்தின் தாளைச் சுவரில் ஒட்டினால் சாகும்வரை போதும். (ஒவ்வொரு மாதமும் 13ஆம் திகதி வெள்ளிக்கிழமையாகவே வரும். பதின்மூன்றாம் திகதி வெள்ளியைக் கண்டால் வெள்ளைக்காரர் பலருக்குப் பயம். வருடத்துக்குப் பதின்மூன்று தடவை பயப்பட வைக்கும் கலண்டரை ஒரு வெள்ளைக்காரரே கொண்டுவந்தார் பாருங்கள்.)

13 மாத யோசனை அவருக்கு முன்பும் இருந்தது. பிரான்சின் தத்துவவாதி ஒகுஸ்ட் கொம்ட் 1849இல் ஒன்றைப் போட்டார். அதில் முதல் மாதம் மோசே, அப்புறம் ஹோமர், அரிஸ்டோட்டில் என்று பெரியவர்களின் பெயர்கள். "சீசர் மாதச் சம்பளம் வந்துவிட்டதா?" என்று கேட்க வேண்டியிருக்கும். அது ஒரு சிறு கூட்டத்துக்கு வெளியே போகவில்லை. கொட்ஸ்வர்த்தின் திட்டம்தான் உலகத்தின் வாசல்வரை போனது. கொடக் கம்பனியின் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் பணத்தோடும் செல்வாக்கோடும் அவருக்குப் பின்னால் நின்றதே அதற்குக் காரணம்.

சரி, முதலில் அந்த நிலாக் கதையை முடித்துவிடுவோம். 28 நாள் நிலா மாதம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு பூரணையிலிருந்து அடுத்த பூரணைக்கு ஏறத்தாழ 29 நாளும் பன்னிரண்டரை மணித்தியாலமும். போயா லீவுக்காக கலண்டரைப் பார்க்கிற நமக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. 2024இல் முதல் நான்கு பூரணைப் போயாவும் ஜனவரி 25, பெப்ரவரி 23, மார்ச் 24, ஏப்ரல் 23. இவற்றைக் கொட்ஸ்வர்த்தின் கலண்டருக்கு மாற்றிப் பாருங்கள். வருடத்தின் எத்தனையாவது நாள் என்று எண்ணி, 28, 28ஆகக் கழித்துக்கொண்டு போனால் போதும். ஜனவரி 25 அப்படியே ஜனவரி 25. பெப்ரவரி 23 வருடத்தின் 54ஆவது நாள். 28ஐக் கழித்தால் பெப்ரவரி 26. மார்ச் 24 அங்கே மார்ச் 28. ஏப்ரல் 23 வருடத்தின் 114ஆவது நாள். நான்கு மாதத்துக்கு 112 போனால் மீதி 2, அதாவது மே 2. ஏப்ரலில் போயாவே இல்லை! ஒவ்வொரு மாதமும் போயா ஒன்றரை நாள் பின்னால் தள்ளிப்போய்க் கடைசியில் ஒரு மாதத்தைத் தாண்டிவிடுகிறது. ஆக நிலாவுக்கும் இந்த 28க்கும் சம்பந்தமில்லை. நான்கு ஏழு 28, அவ்வளவுதான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 13ஐ 28ஆல் பெருக்கினால் 364 வரும். வருடத்துக்கு 365 நாள், நான்கு வருடத்துக்கொரு தடவை 366. அந்த மிச்ச நாளை என்ன செய்வது? மொத்தச் சண்டையும் அந்த ஒரு நாளைப் பற்றியதுதான்.

அந்த நாளையும் சாதாரண நாளாக எண்ணினால், அடுத்த வருடம் ஞாயிறுக்குப் பதிலாகத் திங்களில் தொடங்கும். அப்போது ஒரு தாளை ஒட்டி வைத்தால் சாகும்வரை போதும் என்ற சுகம் போய்விடும். அதனால் கொட்ஸ்வர்த் ஒரு தந்திரம் செய்தார். டிசம்பர் 28க்கு அடுத்த நாளுக்குக் கிழமையே கிடையாது என்றார். ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை, வெறும் 'வருட நாள்'. லீப் வருடத்தில் ஜூன் 28க்குப் பின் இன்னொரு பெயரில்லாத நாள். காகிதத்தில் இது எவ்வளவு அழகு! ஆனால் இதற்குள் ஒரு பெரிய வெட்டு இருக்கிறது: ஏழு நாளுக்கொரு தடவை சுற்றி வருகிற வாரச் சக்கரத்தை வருடத்துக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடி ஓட விடுகிறது.

அந்த வெட்டு எப்படி வேலை செய்யும் என்று உண்மையான வருடங்களிலேயே பார்ப்போம். 2023 ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமை, ஆக கொட்ஸ்வர்த் கலண்டரைத் தொடங்க ஏற்ற வருடம். அந்த வருடம் முழுவதும் இரண்டு கலண்டரின் கிழமையும் ஒத்துப்போகும். டிசம்பர் 30 சனிக்கிழமை. புதுக் கலண்டரில் அது டிசம்பர் 28. மறுநாள் டிசம்பர் 31 நமக்கு ஞாயிற்றுக்கிழமை. சேர்ச்சில் மணி அடிக்கும். ஆனால் புதுக் கலண்டரில் அது கிழமையில்லாத வருட நாள். அதற்கு மறுநாள் நமக்குத் திங்கள், புதுக் கலண்டரில் ஞாயிறு. அவ்வளவுதான், பிசகிவிட்டது. 2024 முதல் பாதியில் உண்மையான வெள்ளிக்கிழமை புதுக் கலண்டரில் வியாழன் என்று எழுதப்பட்டிருக்கும்.

2024 லீப் வருடம். ஜூன் 17இல் இன்னொரு பெயரில்லாத நாள். அதற்குப் பிறகு உண்மையான வெள்ளி புதன் ஆகிவிடும். டிசம்பர் கடைசியில் இன்னொன்று வந்தால் 2025இல் வெள்ளிக்கிழமை செவ்வாயில் விழும், ஞாயிற்றுக்கிழமை வியாழனில் விழும். இரண்டே வருடத்தில் மூன்று நாள் நழுவல்.

இப்போது நம் லயத்து வரிசையையே நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை விரதம், கோயில். பக்கத்து வீட்டில் ஞாயிறு பூசை. கீழே டவுனில் கடை வைத்திருப்பவருக்கு வெள்ளி ஜும்ஆ. இவர்கள் என்ன செய்ய வேண்டும்? ஆபீஸ் கலண்டர் 'வெள்ளி' என்று சொல்லும் நாளில் விரதம் இருப்பதா, தாத்தா பாட்டி காலத்திலிருந்து ஏழு ஏழாக எண்ணி வந்த வெள்ளியில் இருப்பதா? நம் வீட்டில் பெரியவர்கள் ஒருவேளை சமாளித்துக்கொள்வார்கள். நமக்குத் திதியும் நட்சத்திரமும் கிழமையிலிருந்து தனியாக ஓடுகிற சமாச்சாரம்தான், பஞ்சாங்கத்தைப் பார்த்தே பழகியவர்கள். ஆனால் ஏழாம் நாளை இறைவன் கட்டளையாக எண்ணுகிற யூதருக்கு அது முடியவே முடியாது. ஆறு நாள் வேலை, ஏழாவது நாள் ஓய்வு. நடுவில் கிழமையில்லாத நாள் வந்தாலும் அவர் அதையும் ஒரு நாளாகத்தான் எண்ணுவார். அடுத்த வருடம் அவருடைய ஓய்வுநாள் அரசாங்கத்தின் வெள்ளிக்கிழமை, அதற்கடுத்த வருடம் இன்னும் முன்னால். ஒவ்வொரு வருடமும் அவர் வேறு வேறு வேலை நாளில் லீவு கேட்டு நிற்க வேண்டும். கேட்டால் கிடைக்குமா, வேலைதான் நிலைக்குமா?

இந்த எதிர்ப்புதான் ஜெனீவாவில் திட்டத்தைக் கவிழ்த்தது. 1920களில், ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்பு இருந்த சர்வதேச சங்கம் கலண்டர்த் திருத்தத்தைக் கையில் எடுத்தது. உலகெங்குமிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யோசனைகள் வந்து குவிந்தன. சல்லடையில் கடைசிவரை நின்றவற்றில் கொட்ஸ்வர்த்தின் 13 மாதமும் ஒன்று. இன்னொன்று 12 மாதத்தை வைத்துக்கொண்டே காலாண்டுகளைச் சமமாக்கும் திட்டம். 1931 ஒக்டோபரில் இதற்காக ஜெனீவாவில் மாநாடு கூடியது. பிரித்தானியப் பேரரசின் தலைமை ரபி ஜோசப் ஹெர்ட்ஸ் அங்கே போய் எதிர்த்து நின்றார். சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்திருக்கும் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்களும் அதே பக்கம். மாநாடு எந்த முடிவும் எடுக்காமல் கலைந்தது. அடுத்த வருடம் ஈஸ்ட்மன் இறந்துபோனார், இயக்கத்தின் பின்னாலிருந்த பணமும் போனது.

சிலர் இந்தக் கதையை 'மதவாதிகள் விஞ்ஞானத்தைத் தடுத்தார்கள்' என்று எழுதுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எதிர்த்தவர்கள் கேட்டது சின்னக் கேள்வி: கணக்குப்பிள்ளைக்கு வருடத்தில் பன்னிரண்டு தடவை வருகிற ஒரு சிறு தொந்தரவை நீக்குவதற்காக, இத்தனை பேர் ஏழு நாளுக்கொரு தடவை அவதிப்பட வேண்டுமா? அதற்கு மறுபக்கத்தில் யாரிடமும் நல்ல பதில் இல்லை. நான் செக்ரோல் எழுதியவன், என்னிடமும் இல்லை.

ஒரு நாடு மட்டும் மாறிப் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். அதற்கு நாம் ஜெனீவா போக வேண்டாம், இந்த நாட்டிலேயே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. உங்கள் வயதுக்காரருக்குத் தெரிந்திருக்காது. 1966இலிருந்து 1971வரை இலங்கையில் சனி, ஞாயிறு வார இறுதி கிடையாது. அமாவாசை, பூரணை, நடுவில் வரும் இரண்டு அட்டமி என்று நான்கு போயா. போயாவும் அதற்கு முந்தைய நாளும்தான் வார இறுதி. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். மாதத் தொடக்கத்தில் அப்பா கலண்டரில் போயாவைப் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார். அதைப் பார்த்தால்தான் இந்த வாரம் எத்தனை நாள் பள்ளி என்று தெரியும். வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவன் கிறிஸ்தவன். ஞாயிறு காலையில் பூசைக்குப் போய்விட்டு, பவுடர் மணக்க, முதல் பாடம் முடிந்த பிறகு வந்து வாசலில் நிற்பான். ஒவ்வொரு தடவையும் காரணம் சொல்ல வேண்டும்.

அந்த ஏற்பாட்டின் கணக்கைப் பாருங்கள். நிலா மாதத்தை நான்காகப் பிரித்தால் ஒரு 'வாரம்' சராசரியாக 7.38 நாள். ஆக சில வாரம் ஏழு நாள், சில வாரம் எட்டு நாள். வருடத்தில் 52 வார இறுதி இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பதுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெரிய உபத்திரவம் வெளிநாட்டோடு. நம் போயா ஒரு புதன்கிழமை விழுந்தால் செவ்வாயும் புதனும் கொழும்பில் லீவு, இலண்டனில் வேலை. சனியும் ஞாயிறும் கொழும்பில் வேலை, இலண்டனில் லீவு. ஏழு நாளில் இரண்டு பக்கமும் திறந்திருப்பது திங்கள், வியாழன், வெள்ளி, மூன்றே நாள். தேயிலையை அங்கே விற்றுத்தான் இங்கே அரிசி வாங்குகிற நாடு. தந்தி அடித்துப் பதிலுக்குக் காத்திருந்த காலம் வேறு. வியாபாரத்துக்கு இது ஒத்துவராது என்றுதான் 1971இல் சனி, ஞாயிறுக்கே திரும்பினார்கள். பூரணைப் போயா மட்டும் பொது விடுமுறையாக நின்றது, இன்றைக்கும் நிற்கிறது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். போயா வாரத்தில்கூடக் கிழமையை யாரும் தொடவில்லை. ஞாயிறு ஞாயிறாகவே இருந்தது, லீவு மட்டும்தான் நகர்ந்தது. கொட்ஸ்வர்த்தின் திட்டம் அதைவிட ஆழமானது. ஒரு நாடு மட்டும் அதை எடுத்துக்கொண்டால், நம் கடிதத்தில் 'செவ்வாய்' என்று எழுதுவது வாங்குபவருக்கு வெள்ளிக்கிழமையாக இருக்கும். எல்லா நாடும் ஒரே நாளில் மாறினால்தான் வியாபாரக் குழப்பம் தீரும். அப்படி எல்லாரும் மாறினால் எல்லா நாட்டிலும் வழிபாட்டு நாள் நழுவும். தனியாக மாறினால் வியாபாரம் கெடும், சேர்ந்து மாறினால் வழிபாடு கெடும். இந்த இடுக்கிலிருந்து அது வெளியே வரவே இல்லை.

1950களில் இன்னொரு முயற்சி நடந்தது. ஐக்கிய நாடுகளில் 1953இல் இந்தியா கலண்டர்த் திருத்தத்தைக் கிளப்பியது. அது 13 மாதம் அல்ல, நான் மேலே சொன்ன 12 மாதச் சமக் காலாண்டுத் திட்டம். மாதங்கள் 31, 30, 30 நாள் என்று வரும், ஒவ்வொரு காலாண்டும் 91 நாள். ஆனால் நான்கு 91உம் 364தான். அந்த மிச்ச நாளை இங்கேயும் கிழமையில்லாமல் விட்டார்கள். மாதத்தின் எண்ணிக்கை மாறியும் பழைய சண்டை அப்படியே திரும்பி வந்தது. மத அடிப்படையில் தன் குடிமக்களில் பலர் எதிர்க்கிறார்கள் என்று சொல்லி அமெரிக்கா 1955இல் கையை விரித்தது. 1956இல் பேச்சைக் காலவரையின்றி ஒத்திவைத்தார்கள். இதைப் பார்த்தால் 13 என்ற எண் துரதிர்ஷ்டம், அதனால்தான் தோற்றது என்ற கதையும் நிற்காது. 12 மாதத் திட்டத்துக்கும் அதே கதிதானே. சில வருடம் கழித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் நிலையை எழுதி வைத்தது: நிலையான கலண்டர் வந்தால் எதிர்ப்பில்லை, ஆனால் ஏழு நாள் வாரம் இடையில் வேறு நாள் நுழையாமல் தொடர வேண்டும். அதாவது மிச்ச நாளைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான்.

13க்கென்று தனியாக ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அது எதாலும் வகுபடாது. அரை வருடம் என்றால் ஆறரை மாதம், கால் வருடம் என்றால் மூன்று மாதமும் ஒரு வாரமும். அப்புறம் மாதத்துக்கு இவ்வளவு என்று ஏற்கெனவே எழுதப்பட்ட எல்லாம். கடை வாடகை மாதம் 20,000 ரூபாய் என்று ஒப்பந்தம் இருக்கிறது. வருடத்துக்கு 2,40,000. மாதம் 13 ஆனால் வாடகை அதே 20,000ஆ, அல்லது வருடத் தொகையை 13ஆல் வகுத்து 18,462ஆ? கடைக்காரர் ஒன்று சொல்வார், சொந்தக்காரர் இன்னொன்று சொல்வார். மாதச் சம்பளக்காரருக்கும் இதே கேள்விதான். நம் நாட்சம்பளக்காரருக்குப் பேர் விழுந்த நாளுக்குத்தான் காசு, ஆகவே அவருக்கு மொத்தத்தில் மாற்றமில்லை. ஆனால் பத்தாம் திகதிச் சம்பளம் வருடத்துக்குப் பதின்மூன்று தடவை வரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெலிந்து வரும். தீபாவளி அட்வான்ஸைப் பிடிக்கும் மாதத் தவணையையும் திரும்பப் போட வேண்டும். 29, 30, 31இல் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழ் தனிக் கதை. ஆனால் இதெல்லாம் ஒரு சட்டத்தோடும் ஒரு மாற்று அட்டவணையோடும் தீரக்கூடிய விஷயம். கஷ்டம்தான், முடியாததில்லை. மிச்ச நாள் அப்படித் தீரவில்லை.

கிழமையைத் தொடாமல் நிலையான கலண்டர் செய்யவே முடியாதா என்றால், முடியும். மிச்ச நாளை வருடாவருடம் நுழைக்காமல் சேர்த்து வைத்து, ஐந்து அல்லது ஆறு வருடத்துக்கொரு தடவை ஒரு முழு வாரமாகச் சேர்த்துவிட வேண்டும். இப்போதைய கலண்டரின் 400 வருடத்தில் சரியாக 20,871 வாரம் இருக்கிறது, ஒரு நாள்கூட மிச்சமில்லை. வருடத்துக்கு 52 என்று 20,800 போனால் மீதி 71. ஆக 400 வருடத்தில் 71 தடவை ஒரு வாரம் சேர்த்தால் போதும். வெள்ளி வெள்ளியாகவே இருக்கும், யாருடைய வழிபாடும் நழுவாது. ஆனால் திகதி சூரியனோடு ஒட்டி நிற்காது, சில நாள் முன்னும் பின்னும் ஆடும். இப்போது ஜனவரி 14 அல்லது 15 என்று நிற்கிற தைப்பொங்கல், அந்தக் கலண்டரில் ஒரு வாரத்துக்குக் குறையாத இடைவெளிக்குள் அலைந்துகொண்டிருக்கும். சூரியன் மகரத்துக்குள் போகிற நாளில் பொங்குகிற நமக்கு அது பெரிய கஷ்டமில்லை, பஞ்சாங்கம் சொல்லிவிடும். திகதியை வைத்துப் பயிர் வைப்பவருக்குப் பிடிக்காது.

இந்த வாரம் சேர்க்கும் வழிக்கு ஏன் ஜெனீவா அளவுக்கு ஆதரவு வரவில்லை என்றால், என் கணிப்பு இது: கணக்குக்காரருக்குத் தேவையானது அதற்குள் கிடைத்துவிட்டது. கொடக் 1928இல் தன் கணக்கை 13 காலங்களாக மாற்றியது. ஒவ்வொன்றும் நான்கு வாரம். 1989வரை, அறுபது வருடத்துக்கு மேல், அப்படியே நடத்தினார்கள். கம்பனிக்குள்ளே 13, வெளியே வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் அதே பழைய 12. தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமையை யாரும் தொடவில்லை. கணக்கைச் சமமாக்க ஊர் உலகத்தின் கலண்டரை மாற்றத் தேவையில்லை, கணக்குப் புத்தகத்தின் தலைப்பை மாற்றினால் போதும் என்று அந்தக் கலண்டரின் பெரிய ஆதரவாளரே செய்து காட்டிவிட்டார்! இன்றைக்கும் பல சில்லறை வியாபாரங்கள் நான்கு வாரக் கணக்குதான் வைத்திருக்கின்றன.

அதனால் தலைவலிக்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. சம்பளத்துக்கும் ஈ.பி.எப்புக்கும் செக்ரோல் மாத வாரியாகத்தான் இருக்க வேண்டும், அதைத் தொடாதீர்கள். கொழுந்துக் கணக்குக்கு மட்டும் பக்கத்தில் ஒரு தனிப் புத்தகம் போடுங்கள். திங்களில் தொடங்கி ஞாயிறு முடிய நான்கு வாரம் ஒரு பக்கம், வருடத்துக்குப் பதின்மூன்று பக்கம். கொழுந்து ரவுண்டு ஏழு நாள் என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு மலையும் நான்கு தடவை வரும். ஒரு பக்கத்தில் மூன்று தடவைதான் வந்திருக்கிறது என்றால் ரவுண்டு பிந்துகிறது என்று அர்த்தம். கொழுந்து முற்றிப்போய் பெக்டரியிலிருந்து சத்தம் வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். மாதக் கணக்கில் அது தெரியாது, ஏனென்றால் 30, 31 நாளுக்குள் அந்த நாலாவது ரவுண்டு எப்படியோ நுழைந்துவிடும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒரு பக்கத்தில் போயா, தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு என்று லீவு கூடினால் அந்தப் பக்கம் குறையத்தான் செய்யும். அதனால் பக்கத்தின் அடியில் பிரட்டுக்குப் போன நாள் எத்தனை என்று எழுதிவிடுங்கள். மற்றது மிச்ச நாள். வருடத்துக்கு ஒன்று, லீப் வருடத்தில் இரண்டு என்று சேர்ந்து அது உங்கள் புத்தகத்திலும் வந்து நிற்கும். வியாழக்கிழமை எந்த வருடத்தில் விழுகிறதோ அந்த வருடத்து வாரம் என்று எண்ணும் உலக வழக்கப்படி 2020இல் 53 வாரம், 2026இல் 53, அதற்கடுத்து 2032. அந்த வருடங்களில் பதின்மூன்றாவது பக்கத்தில் ஐந்து வாரம் இருக்கும். 2026இன் கடைசிப் பக்கத்தை 2025இன் கடைசிப் பக்கத்தோடு ஒப்பிட்டு யாராவது உங்களைப் பாராட்டினால், அந்த ஐந்தாவது வாரத்தைக் கழித்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள்.